தலையாட்டினால் கேட்டுவிட்டது என்று அர்த்தமில்லை

கும்பகோணத்துக்குக் கோயில் தரிசனத்துக்கு வரும் முதியவர் ஒருவர் விடுதி வரவேற்பில் நிற்கிறார். “ரூம் 206, டிபன் ஏழரை மணி வரைக்கும்தான், சரிங்களா ஐயா?” என்கிறார் ஊழியர். பெரியவர் தலையாட்டுகிறார். ஆனால் அவர் போய் நிற்பது 207-இன் வாசலில்.

ஊழியர் கத்தியிருந்தாலும் பலன் குறைவுதான். வயதானால் முதலில் மங்குவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, ப போன்ற மெய்யொலிகள் நழுவ, உயிரொலிகள் மட்டும் காதில் விழும். கத்தும்போது உரப்பதும் உயிரொலிதான், வாயசைவும் கோணலாகிவிடும்.

டிவி சத்தத்தைக் குறைத்து, கணினித் திரையிலிருந்து முகத்தைத் திருப்பி, ஒரு நேரத்தில் ஒரே செய்தியை நிதானமாகச் சொல்வதே நல்லது. புரியவில்லையென்றால் அதையே திரும்பச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லலாம்: “இரண்டாவது மாடி, லிஃப்டை விட்டதும் வலப்பக்கம்.”

அறை எண், டிபன் நேரம், வரவேற்பின் தொலைபேசி எண் மூன்றையும் பளபளப்பில்லாத வெள்ளைத் தாளில், 18 புள்ளி அளவுக்குக் குறையாத கறுப்பு எழுத்தில் அச்சடித்துத் தரலாம்.

“சரிங்களா?” என்பதற்குப் பதில், “காலையில எத்தனை மணிக்கு டிபனுக்கு வருவீங்க ஐயா?” என்று கேட்டால், அவர் காதில் விழுந்தது என்னவென்று அங்கேயே தெரிந்துவிடும்.