ஈரத்தில் தடுமாறும் தொடுதிரை

இன்றைய செல்பேசித் திரை விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. விரலில் உள்ள மின்கடத்தும் தன்மையைத்தான் உணர்கிறது. கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய மின்கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டம் கட்டியதுபோல் ஓடுகின்றன. பெரும்பாலும் இவை இண்டியம் டின் ஆக்சைடு என்ற, ஒளி புகக்கூடிய கடத்தியால் ஆனவை. ஒரு திசைக் கம்பிகளில் சிறு மின்துடிப்பு அனுப்பப்படும். மறுதிசைக் கம்பிகளுக்கு அதில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று ஒரு சில்லு நொடிக்குப் பலமுறை அளக்கும். விரல் நெருங்கினால் அந்த மின்புலத்தில் ஒரு பகுதி விரல் வழியே உடலுக்குப் போய்விடும். அளவு குறைந்த இடம்தான் விரல் பட்ட இடம்.

தண்ணீரும் மின்புலத்தைப் பாதிக்கும் என்பதால்தான் சிக்கல் வருகிறது. ஆனால் எல்லாத் தண்ணீரும் ஒரே மாதிரி பாதிப்பதில்லை. திரையின் நடுவே தனியாக நிற்கும் மழைத்துளிக்கு உடலோடு தொடர்பில்லை. அது மின்துடிப்பைக் கம்பியிலிருந்து கம்பிக்கு இன்னும் எளிதாகக் கடத்திவிடும். அந்த இடத்தில் அளவு குறைவதற்குப் பதில் கூடும். விரலுக்கு நேர் எதிரான இந்த மாற்றத்தைச் சில்லால் பெரும்பாலும் அடையாளம் கண்டு ஒதுக்கிவிட முடியும். அதே துளி வழிந்து ஓரத்துக்குப் போய், செல்பேசியைப் பிடித்திருக்கும் கையைத் தொட்டுவிட்டால் கதை மாறிவிடும். இப்போது அந்த நீர்க்கோடு முழுவதுமே ஒரு நீண்ட விரலாகத் தெரியும். திரை தானாக நகர்வதும், கேட்காத செயலி திறப்பதும் பெரும்பாலும் இப்படித்தான்.

வியர்வை இன்னும் மோசம். அதில் உப்பு இருப்பதால் மழைநீரைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும். துளியாக நிற்காமல், விரல் தேய்க்கத் தேய்க்க மெல்லிய படலமாகப் பரவும். அதன்மீது விரல் வைத்தால் சில்லுக்குத் தெரிவது விரல் நுனி அல்ல, உள்ளங்கை அளவுக்கு ஒரு பெரிய திட்டு. உள்ளங்கை தவறுதலாகப் பட்டதாக நினைத்து அதைப் புறக்கணிப்பதுதான் சில்லுக்கு எழுதிவைத்த விதி. எத்தனை முறை தட்டினாலும் திரை அசையாததற்குக் காரணம் இதுதான். அப்போது பலரும் இன்னும் ஓங்கி அழுத்துவார்கள். விரல் தட்டையாகி, திட்டு இன்னும் பெரிதாவதுதான் மிச்சம்.

துடைத்த பிறகும் சில விநாடிகள் திரை தானாக ஆடுவதற்குக் காரணம் வேறு. யாரும் தொடாதபோது ஒவ்வொரு கட்டத்திலும் இருக்க வேண்டிய அளவைச் சில்லு நினைவில் வைத்திருக்கும். வெப்பமும் ஈரமும் மாற மாற அதை மெல்லத் திருத்திக்கொண்டே வரும். மளிகைக் கடை மின்தராசில் பாத்திரத்தை வைத்துச் சுழியமாக்கிவிட்டு, பிறகு பாத்திரத்தை எடுத்தால் எண் கழித்தல் குறியோடு நிற்குமே, அதே நிலைதான் இங்கும். திரையில் நீர் வெகுநேரம் நின்றால், நீரோடு கூடிய அளவே இயல்பானது என்று சில்லு எடுத்துக்கொள்ளும். திடீரென்று நீரைத் துடைத்ததும் அளவு இறங்கும். அந்த இறக்கத்தை விரல் என்று எண்ணிவிடும்.

நவம்பர் மழையில் சென்னைச் சாலையில் உணவு கொண்டு செல்லும் ஒரு ஊழியரின் செல்பேசியை எடுத்துக்கொள்ளலாம். பைக் கைப்பிடியில் பொருத்தியிருக்கிறார். வண்டியிலிருந்தே சார்ஜ் ஏறுகிறது. திரைமேல் டெம்பர்டு கிளாஸ் ஒட்டியிருக்கிறது, அதன் ஒரு மூலை விரிந்திருக்கிறது. வரைபடம் தானாக விரிந்து சுருங்குகிறது, வாடிக்கையாளரின் அழைப்பை எடுக்க முடியவில்லை. இங்கே குற்றவாளிகள் மூன்று பேர்: மேலே வழியும் மழை, விரிந்த மூலை வழியாகக் கண்ணாடிக்கு அடியில் புகுந்த நீர், சார்ஜரிலிருந்து வரும் மின்னிரைச்சல். தரம் குறைந்த சார்ஜரின் இரைச்சல் காய்ந்த திரையிலேயே பொய்த் தொடுகையை உண்டாக்கும். ஈரத்தில் கேட்கவே வேண்டாம்.

அவர் செய்ய வேண்டியது வரிசையாக இதுதான். வண்டியை ஓரங்கட்டி முதலில் சார்ஜர் கம்பியைக் கழற்ற வேண்டும். பிறகு பவர் பட்டனை அழுத்தித் திரையை அணைக்க வேண்டும். எரியும் திரையைத் துடைத்தால் துணியே பத்து இடத்தில் தட்டிவிடும். காய்ந்த பருத்தித் துணியால் திரையை மட்டுமல்ல, உலோக ஓரங்களையும் பிடித்திருக்கும் கையையும் துடைக்க வேண்டும். சில விநாடி விட்டுத் திரையைப் போட்டால் பல செல்பேசிகளில் சில்லு அடிப்படை அளவைப் புதிதாக எடுத்துக்கொள்ளும். அப்படியும் ஆடினால் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். திரை எதற்குமே மசியாவிட்டால் பல ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் பவர் பட்டனையும் ஒலிகுறைப்பு பட்டனையும் சேர்த்துப் பத்துப் பதினைந்து விநாடி பிடித்திருந்தால் அது மறுபடி தொடங்கும். அண்மைய ஐபோன்களில் ஒலிகூட்டும் பட்டனை ஒருமுறை, ஒலிகுறைக்கும் பட்டனை ஒருமுறை தட்டிவிட்டு, ஆப்பிள் சின்னம் வரும்வரை பக்கவாட்டு பட்டனைப் பிடிக்க வேண்டும்.

கண்ணாடிக்கு அடியில் புகுந்த நீர் துடைத்தால் போகாது. டெம்பர்டு கிளாஸை உரித்து எறிவதுதான் ஒரே வழி. காய்ந்துவிடும் என்று காத்திருப்பது வீண். வியர்வைக்கு இன்னொரு நுணுக்கம் உண்டு. காய்ந்த துணியால் துடைத்தால் நீர் போகும், உப்பு தங்கும். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மறுபடி படலமாகும். ஆகவே லேசாக நனைத்துப் பிழிந்த துணியால் ஒருமுறை, காய்ந்த துணியால் ஒருமுறை துடைக்க வேண்டும்.

சட்டைப் பையில் இருக்கும் செல்பேசி தானாக யாரையோ அழைப்பதும் இதே வகைதான். வியர்வையில் நனைந்த மெல்லிய துணி உடலோடு ஒட்டிக்கொண்டு தோலின் நீட்சியாகவே ஆகிவிடுகிறது. திரையை வெளிப்பக்கம் பார்க்க வைப்பதும், இருமுறை தட்டினால் திரை எரியும் வசதியை நிறுத்துவதும் போதும். கையுறைக்காகத் தரப்படும் கூடுதல் தொடு உணர்திறன் அமைப்பையும் மழைக்காலத்தில் அணைத்து வைப்பது நல்லது.

திரை நன்கு காய்ந்து பல மணி நேரம் ஆகியும் தொல்லை நீடித்தால், ஈரம் உள்ளே போயிருக்கலாம். ஆண்ட்ராய்டில் இதைச் சோதிக்க எளிய வழி இருக்கிறது. Settings பகுதியில் About phone சென்று, Build number என்பதை ஏழு முறை தட்டினால் Developer options திறக்கும். சில செல்பேசிகளில் அந்த எண் இன்னொரு அடுக்கு உள்ளே இருக்கும். அங்கே Pointer location என்பதைப் போட்டுவிட்டு, காய்ந்த விரலால் மேலிருந்து கீழாக நெருக்கமான கோடுகளை மெதுவாக இழுக்க வேண்டும். கோடு எப்போதும் ஒரே பட்டையில் அறுந்தாலோ, தொடாமலே அந்தப் பட்டையில் புள்ளிகள் முளைத்தாலோ அது மேற்பரப்பு ஈரம் அல்ல. கம்பியிலோ இணைப்பிலோ கோளாறு. புள்ளிகள் இடம் மாறி மாறி வந்தால் டெம்பர்டு கிளாஸையும் சார்ஜரையும்தான் மறுபடி சந்தேகிக்க வேண்டும்.

கேமரா கண்ணாடிக்குள் பனி படர்ந்திருப்பது உள்ளே நீர் போனதற்கு இன்னொரு அடையாளம். அந்த நிலையில் செல்பேசியை அணைத்து, சிம் தட்டைக் கழற்றி, சார்ஜ் துளை கீழ்நோக்க மின்விசிறிக் காற்றில் வைக்க வேண்டும். அரிசிக்குள் புதைக்கும் வழக்கத்தை ஆப்பிள் நிறுவனமே வேண்டாம் என்கிறது, அரிசித் தூள் உள்ளே போய்க் கேடு செய்யும் என்பதால். சூடான காற்றும் ஆகாது. ஐபி68 தரம் பெற்ற செல்பேசி என்றாலும் அந்தத் தரம் நன்னீரில் சோதித்துத் தருவது. மூழ்கினால் உள்ளே நீர் புகாது என்பதையே சொல்கிறது, நனைந்த திரை ஒழுங்காக வேலை செய்யும் என்று சொல்வதில்லை.

பழுதுபார்க்கும் கடையில் பெரும்பாலும் காம்போ மாற்ற வேண்டும் என்பார்கள். இன்றைய செல்பேசிகளில் தொடு அடுக்கும் காட்சித் திரையும் ஒன்றாக ஒட்டியே வருவதால், கம்பியில் கோளாறு என்றால் அது உண்மைதான். ஆனால் திரையைப் பலகையோடு இணைக்கும் நாடா இணைப்பில் உப்பு பூத்திருந்தாலும் இதே அறிகுறிதான் தெரியும். அதை ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்துத் திரும்பப் பொருத்தினாலே சில சமயம் சரியாகிவிடும். முதலில் அதைச் செய்து பார்க்கச் சொல்லிவிட்டு, பிறகு காம்போ பற்றிப் பேசலாம்.