மலை ஏறின பைக் ஏன் மறுபடி கிளம்ப மாட்டேங்குது?

நம்ம திருத்தணியில் மே மாத வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்த வெயிலில் ரெண்டு பேரைச் சுமந்து கோயில் மலைப்பாதை ஏறின பழைய பைக்கைக் கவனிச்சிருக்கீங்களா? நிறுத்தின உடனே உதைத்தால் கிளம்பும். ஒரு மணி நேரம் கழிச்சும் கிளம்பும். பத்து, பதினைந்து நிமிஷத்தில் உதைத்தால்தான் அடம் பிடிக்கும்.

ஓடும்போது எதிர்க்காற்று இன்ஜினைக் குளிர வைக்கும். நிறுத்தினதும் காற்று நின்னுடும், சூடு நிற்காது. பக்கத்தில் இருக்கிற கார்புரேட்டருக்குப் பரவும். அதனால் நிறுத்தின பிறகுதான் கார்புரேட்டர் இன்னும் சூடாகுது!

தண்ணீர் கொதிக்க 100 டிகிரி வேணும். பெட்ரோல் பல திரவங்களின் கலவை. அதில் லேசானவை 40 டிகிரி பக்கமே ஆவியாகிக் கொதிக்கத் தொடங்கும். கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் சின்னக் கிண்ணத்திலும், அதற்கு வரும் குழாயிலும் ஆவிக்குமிழ் அடைச்சுக்கும். பெட்ரோல் சரியா இறங்காது. கொஞ்சம் ஆவி இன்ஜினுக்குள்ளும் புகுந்துடும். அங்கே பெட்ரோல் ஆவி அதிகம், காற்று குறைவு என்றால் தீப்பொறி வந்தும் பற்றாது.

இந்த நேரத்தில் சோக் இழுக்கவே கூடாது, அது பெட்ரோலை இன்னும் கூட்டும். ஆக்சிலேட்டரை முழுசாத் திருகிப் பிடிச்சு உதைத்தால் காற்று உள்ளே போகும். அப்பவும் கிளம்பலையா? நிழலில் தள்ளி நிறுத்தி, கால் மணி நேரம் விடணும். சிலர் இன்ஜின் மேல் தண்ணீர் ஊத்துறாங்க, சூடான உலோகம் விரிசல் விடலாம்.

காலையில் ஆறின பைக்கும் கிளம்பலைன்னா காரணம் வேற, முதலில் பிளக்கைப் பாருங்க. 2020-க்குப் பிறகு வந்த பைக்குகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே கிடையாது. பம்ப் பெட்ரோலை அழுத்தி அனுப்புவதால் குமிழ் அடைப்பது குறைவு.