கிரியேட்டினின் 5.6... நிஜம்தானா?

ராத்திரி ஒன்பது மணி. ஊரிலிருந்து தம்பி உங்கள் வாட்ஸ்அப்புக்கு ஒரு போட்டோ அனுப்புகிறான். அப்பாவின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட். 'அக்கா, கிரியேட்டினின் 5.6னு போட்டிருக்கு. பயமா இருக்கு' என்று கூடவே ஒரு வரி. டயாலிசிஸ் என்ற வார்த்தை உங்கள் மனசுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

கொஞ்சம் பொறுங்கள். அந்த 5.6 கிரியேட்டினினுடையதுதானா?

லேப் ரிப்போர்ட்டில் ஒரு வரி என்பது நான்கு சங்கதிகள் சேர்ந்தது. பரிசோதனையின் பெயர், அளவு, அலகு, நார்மல் எவ்வளவு என்கிற வரம்பு. பெயர் இடது ஓரத்தில் இருக்கும். மற்ற மூன்றும் வலது பக்கம் தள்ளி இருக்கும். நடுவில் வெற்றிடம். பல ரிப்போர்ட்டுகளில் குறுக்குக் கோடுகூட இருக்காது. பேப்பரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் போட்டோ எடுத்தால் தாள் வளைகிறது, போன் சாய்கிறது. இடது பக்கம் நேராகத் தெரியும் வரி, வலது பக்கம் போய்ச் சேரும்போது அடுத்த வரிக்கு இறங்கிவிடும். நம்ம கண்ணுக்கு அது தெரியாது.

அப்பாவின் பேப்பரில் நிஜமாக இருந்தது இதுதான்: கிரியேட்டினின் 1.1, யூரிக் ஆசிட் 5.6, சோடியம் 138, பொட்டாசியம் 4.2, குளோரைடு 102. எல்லாமே நார்மல்! தம்பி படித்தது ஒரு வரி கீழே.

இதைப் போட்டோவிலேயே கண்டுபிடிக்கலாம். 5.6க்குப் பக்கத்தில் என்ன வரம்பு இருக்கிறது என்று பாருங்கள். 3.5 முதல் 7.2 வரை என்றிருக்கும். கிரியேட்டினினுக்கு 7.2 வரை நார்மல் என்று எந்த லேபும் போடாது. பெரியவர்களுக்கு அது 1.3ஐ ஒட்டியே முடிந்துவிடும். அளவும் வரம்பும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் பெரும்பாலும் பிரியாது. தள்ளி நிற்கிற பெயர்தான் நழுவும். இன்னும் சந்தேகமா? அதே சாய்வில் அடுத்த வரிகளையும் படியுங்கள். யூரிக் ஆசிட் 138, சோடியம் 4.2, பொட்டாசியம் 102 என்று வரும். இப்படி ரத்தம் உள்ள மனுஷர் கூடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்க முடியாது!

இது வீண் பயம். வீண் நிம்மதிதான் இன்னும் மோசம். சர்க்கரைப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் 132. அதற்கு நார்மல் 70 முதல் 99 வரை. அடுத்த வரி, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து; அதற்கு 140 வரை போகலாம். தாளின் மடிப்பு அளவுக்கும் வரம்புக்கும் நடுவில் விழுந்து, 132க்கு எதிரே 140 வந்து நின்றால், 'அட, நார்மல்தான்' என்று விட்டுவிடுவீர்கள். வெறும் வயிற்றில் 126ஐத் தொட்டாலே சர்க்கரை நோய் என்று சந்தேகித்து டாக்டர் மறுபடி பரிசோதிப்பார். இரண்டும் நம்பக்கூடிய எண்களாக இருப்பதால் இங்கே நம் பொது அறிவு உதவாது. அளவு தடித்த எழுத்தில் இருக்கிறதா, பக்கத்தில் நட்சத்திரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். லேப் குறி போட்டும் அளவு வரம்புக்குள் இருப்பதாகத் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது வேறு வரியின் வரம்பு.

சிலர் போட்டோவிலிருந்து எழுத்துகளை மட்டும் போனிலேயே நகல் எடுத்து அனுப்புகிறார்கள். அதில் பெயர்கள் எல்லாம் ஒரு பட்டியலாகவும், எண்கள் வேறு பட்டியலாகவும் வந்துவிடுவதுண்டு. நடுவில் 'எலக்ட்ரோலைட்ஸ்' என்று எண்ணே இல்லாத தலைப்பு ஒன்று இருந்தால் போதும், அதற்குக் கீழே அத்தனையும் ஒரு படி நழுவும். பெயர்கள் எத்தனை, எண்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அலகையும் விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு லேப்கள் பலவற்றில் கிரியேட்டினினை மைக்ரோமோலில் சொல்வார்கள். நம் ஊர் மில்லிகிராம் கணக்கில் 1.1 என்பது அங்கே 97. வெறும் 97 என்று மட்டும் எழுதினால் மயக்கமே வரும்.

சரி, போட்டோவை எப்படி எடுப்பது? பேப்பரை மேஜையில் விரியுங்கள். மடிப்பை நீவிவிட்டு, சுருளும் ஓரங்களில் ஸ்பூனையோ டம்ளரையோ வையுங்கள், எழுத்தின் மேல் படாமல். போனைத் தாளுக்கு நேர் மேலே பிடியுங்கள். நான்கு மூலைகளும் தெரிய வேண்டும். ஃபிளாஷ் வேண்டாம், பளபளத்து எண்ணை அழித்துவிடும். ஜன்னல் வெளிச்சம் போதும். நீளமான ரிப்போர்ட் என்றால் இரண்டு படமாக எடுங்கள். முதல் படத்தின் கடைசி இரண்டு வரிகள் அடுத்த படத்திலும் வரட்டும். சந்தேகமான வரிக்குக் கீழே பள்ளிக்கூட ஸ்கேலை வைத்துத் தனியாக ஒரு படம் எடுத்தால் இன்னும் நல்லது. லேபே பி.டி.எஃப். அனுப்பும் என்றால் கேட்டு வாங்கிவிடுங்கள், இந்தத் தொல்லையே இல்லை.

தம்பிக்கும் இப்போதே போன் போடுங்கள். ஸ்கேலை வைத்து அந்த வரியை மறுபடி படிக்கச் சொல்லுங்கள்: பெயர், எண், அலகு, வரம்பு, நான்கையும் ஒரே மூச்சில்.