நன்றியை எங்கே வைப்பது?

சிறு நிறுவனம் ஒன்றின் ஆண்டு விழாவில் அதைத் தொடங்கியவர் பேசும் உரையில் பெரும்பாலும் மூன்றே சரக்குதான் இருக்கும். உடன் நின்றவர்களுக்கு நன்றி, கடந்து வந்த பாதை, இனிச் செய்யப்போவது. மூன்றுமே கேட்கத் தக்கவைதான். இருந்தும் பத்தாவது நிமிடத்தில் பின்வரிசையில் செல்போன்கள் ஒளிரத் தொடங்கிவிடுகின்றன. பெரும்பாலான உரைகளில் சரக்கு குறைவதில்லை, வரிசைதான் கெடுகிறது. பேசுபவர் தமக்கு நினைவுக்கு வந்த ஒழுங்கில் எழுதுகிறார். கேட்பவருக்கு வேறோர் ஒழுங்கு தேவைப்படுகிறது.

பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டில் எழுதிய நன்னூல், ஒரு நூலுக்குரிய பத்து அழகுகளில் ஒன்றாக முறையாக அடுக்கி வைப்பதைச் சொல்கிறது. பத்துக் குற்றங்களையும் அது பட்டியலிடுகிறது. கூறியது கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் ஆகிய மூன்றும் ஆண்டு விழா உரைகளைக் கேட்டுவிட்டு எழுதியவை போலவே இருக்கின்றன.

எடுத்துக்காட்டாகக் கோவை கணபதிப் பக்கம் ஓர் இயந்திரப் பட்டறையை எண்ணிக்கொள்வோம். 1999இல் தொடங்கியது. பம்புகளுக்கான ஷாஃப்டுகளை ஜாப் ஒர்க்காகக் கடைந்து கொடுக்கும் இடம். இப்போது 26 பேர் வேலை செய்கிறார்கள். 25ஆம் ஆண்டு விழாவுக்கு உரிமையாளர் எழுதி வைத்த உரையில் 1,500 சொற்கள். நிதானமான மேடைப் பேச்சில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 சொற்கள் போகும். ஆகவே இது கால் மணி நேரப் பேச்சு. அழைப்பிதழில் அவருக்கு ஒதுக்கியிருப்பதோ பத்து நிமிடம்.

முதல் வேலை, எதையும் திருத்தாமல் அடையாளம் இடுவது. உரையைத் தாளில் அச்சிட்டு, ஒவ்வொரு பத்தியின் ஓரத்திலும் ‘ந’, ‘க’, ‘தி’ என்று ஓர் எழுத்தைப் போட வேண்டும்: நன்றி, கதை, திட்டம். நம் பட்டறைக்காரரின் பத்துப் பத்திகளுக்கு இப்படிப் போட்டால் ந, தி, க, ந, க, தி, ந, க, தி, ந என்று வருகிறது. எந்த எழுத்தும் இரண்டு முறை அடுத்தடுத்து வரவில்லை. கேட்பவர் ஒன்பது முறை திசை திரும்ப வேண்டியிருக்கிறது என்று இதற்குப் பொருள்.

பத்திகளில் இருப்பது என்ன? முதல் பத்தி 34 பெயர்களுக்கு நன்றி. இரண்டாவது, கூரையில் சூரிய மின் தகடுகள் பொருத்தப்போவதாக அறிவிப்பு. மூன்றாவது, வாடகை ஷெட்டில் ஒரே ஒரு பழைய லேத்தோடு தொடங்கிய கதை. நான்காவது, வங்கி மேலாளருக்கும் ஆடிட்டருக்கும் நன்றி. ஐந்தாவது, 2012ஆம் ஆண்டு மின்வெட்டு. ஆறாவது, இரண்டு இளைஞர்களைத் தேர்ந்த டர்னர்களாக்கும் திட்டம். ஏழாவது, மனைவிக்கு நன்றி. எட்டாவது, தந்தையின் ஊரும் தமது பள்ளிப் பருவமும். ஒன்பதாவது, ஐந்தாண்டுகளில் ஏற்றுமதி. பத்தாவது, மறுபடி எல்லோருக்கும் நன்றியும், பெயர் விட்டுப்போயிருந்தால் மன்னிக்கும்படி வேண்டுகோளும்.

இதில் பெரிய சிக்கல் முதல் பத்திதான். 34 பெயர்களைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம் ஆகும். அந்த இரண்டு நிமிடம் சாதாரணமானது அல்ல. 1962இல் பென்னட் மர்டாக் என்ற உளவியலாளர் சொற்பட்டியல்களைப் படித்துக் காட்டி, கேட்டவர்களுக்கு எவை நினைவில் நின்றன என்று சோதித்தார். தொடக்கத்தில் வந்தவையும் கடைசியில் வந்தவையும் நன்றாக நின்றன, நடுவில் இருந்தவை நழுவின. சொற்பட்டியல் வேறு, உரை வேறுதான். ஆனாலும் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் விலை கூடிய இடங்கள் என்பது மேடை கண்டவர்களுக்குத் தெரியும். நம்மவர் அவை இரண்டையும் பெயர்ப் பட்டியலுக்கே கொடுத்திருக்கிறார்.

தவிர, தொடக்கத்தில் சொல்லும் நன்றியில் ஒரு குறை உண்டு. அந்த மனிதர் என்ன செய்தார் என்று அவைக்கு இன்னும் தெரியாது. பெயர் வரும், கைதட்டல் வரும், அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்த பையனுக்கு அந்த 34 பேரும் ஒன்றுதான். நன்றி கேட்பவரைத் தொட வேண்டுமானால், நன்றிக்குரியவர் செய்த காரியம் முதலில் நடக்க வேண்டும். அதாவது கதைக்குள் நடக்க வேண்டும்.

ஆகவே நன்றியைத் தனிப் பகுதியாக வைப்பதைவிட, கதையில் அந்த மனிதர் நுழையும் இடத்திலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏழாவது பத்தியில் மனைவிக்கு நன்றி இப்படி இருக்கிறது: “என் மனைவியும் எனக்கு எல்லா வகையிலும் உறுதுணையாக இருந்திருக்கிறார். அவருக்கும் நன்றி.” அந்தப் பழைய லேத்தை வாங்கியது அவருடைய நகையை அடகு வைத்த பணத்தில் என்பது உரையில் எங்குமே இல்லை. விசாரித்தால்தான் வருகிறது. அதை மூன்றாவது பத்தியோடு சேர்த்தால் இப்படி ஆகும்: “லேத் வாங்கப் பணம் பத்தலைங்க. வீட்டுக்காரம்மா வளையலைக் கழட்டிக் கொடுத்தாங்க. மீட்க மூணு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் ஒரு வார்த்தை கேக்கலை. அந்த லேத் இன்னும் வாசல் பக்கம் நிக்குது, பாத்திருப்பீங்க.” இதில் நன்றி என்ற சொல்லே இல்லை. தேவையும் இல்லை.

மீதிப் பெயர்கள்? நம் விழாக்களில் இதற்கு ஏற்கெனவே ஓர் ஏற்பாடு இருக்கிறது. வரவேற்புரைக்கு ஒருவர், நன்றியுரைக்கு ஒருவர் என்று அழைப்பிதழிலேயே போடுகிறோம். அந்த நன்றியுரையில்தான் வங்கி மேலாளர், ஆடிட்டர், மண்டபக்காரர், ஒலிபெருக்கிக்காரர் எல்லோரும் வர வேண்டும். நிறுவனர் தாமே அந்தப் பட்டியலைப் படித்துவிட்டால் கடைசியில் நன்றி சொல்ல வருபவருக்கு வேலை இல்லாமல் போகிறது, அவையும் ஒரே பட்டியலை இரண்டு முறை கேட்கிறது. கூறியது கூறல் என்பது இதுதான். நிறுவனர் தொடக்கத்தில் சிறப்பு விருந்தினரையும் அவையையும் இரண்டு வரியில் விளித்து வணங்கினால் போதும்.

அடுத்தது கதை. 25 ஆண்டுகளையும் சொல்ல வேண்டும் என்ற ஆசை இயல்பானது. ஆனால் பத்து நிமிடத்தில் ஆண்டு வாரியாகச் சொன்னால் நாட்குறிப்பாகிவிடும். ஒரு தொடக்கமும் ஒரு நெருக்கடியும் போதும். எந்த நெருக்கடி என்பதைத் திட்டத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வரிசை அமைக்கும் வேலையின் நுட்பம் இங்கேதான் இருக்கிறது. நம்மவரின் இரண்டாவது பத்தியில் வரும் சூரிய மின் தகடு, அங்கே வெறும் செலவுக் கணக்காகத் தெரிகிறது. 2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாட்டு மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் நின்ற நாட்கள் உண்டு. கோவையின் சிறு பட்டறைகள் பட்ட பாடு ஊரறிந்தது. அந்த ஆண்டில் நம் பட்டறையின் மூத்த டர்னர் ஒருவர் கரண்டு வரும் நேரத்தைப் பார்த்து ஆட்களை நள்ளிரவிலும் அழைத்து வேலையை முடித்தார். வாடிக்கையாளரான பம்பு நிறுவனம், ஜெனரேட்டர் வாங்க முன்பணம் கொடுத்தது. இதைக் கேட்டபின் மின் தகடு பற்றிய அறிவிப்பு வந்தால், ஏன் எதற்கு என்று யாரும் கேட்க மாட்டார்கள். அன்று விழித்திருந்தவர்கள் முதலில் கைதட்டுவார்கள்.

ஆறாவது பத்தியின் பயிற்சித் திட்டமும் அப்படியே. அந்த மூத்த டர்னர் இன்னும் இரண்டு ஆண்டில் ஓய்வு பெறுகிறார். அவர் கைப்பழக்கம் அவரோடு போய்விடக் கூடாது என்பதால்தான் இரண்டு இளைஞர்களை அவரிடம் விடுகிறார்கள். ஏற்றுமதித் திட்டத்துக்கோ கதையில் வேரே இல்லை. ஆர்டரும் இல்லை, வங்கி இசைவும் இல்லை. அதை எடுத்துவிட வேண்டும். மேடையில் சொன்ன திட்டம் தொழிலாளர் காதில் வாக்குறுதியாகத்தான் விழும். தந்தையின் ஊர் பற்றிய பத்தி மற்றொன்று விரித்தல். உரிமையாளருக்கு மனம் கேட்காது. ஒரு வாக்கியம் விட்டுக்கொடுக்கலாம்.

இப்போது வரிசை இப்படி: இரண்டு வரி வணக்கம். லேத்தும் வளையலும். 2012. அங்கிருந்து இன்றைக்கு வந்து, 26 பேருக்கும் அவர்கள் குடும்பத்தாருக்கும் ஒரு நிமிட நன்றி. பிறகு மின் தகடு. பிறகு பயிற்சி. அத்தோடு முடிவு. பொது நன்றியை இறுதியில் வைக்காமல் திட்டத்துக்கு முன்னால் வைப்பது வேண்டுமென்றேதான். கடைசியில் வைத்தால் சாப்பாட்டுப் பந்திக்கு எழுபவர்களின் நாற்காலிச் சத்தத்தில் அது கரைந்துவிடும். சென்று தேய்ந்து இறும் உரைகள் பெரும்பாலும் இப்படித்தான் முடிகின்றன. திட்டத்தில் முடிந்தால் கேட்டவர்கள் எதையாவது பேசிக்கொண்டே எழுந்திருப்பார்கள்.

பத்திகளை இடம் மாற்றியதோடு வேலை முடியாது. மூட்டுகள் விட்டுப்போகும். பழைய உரையில் ஆறாவது பத்தி “அவரிடம் இரண்டு பையன்களை விடப்போகிறோம்” என்று தொடங்கியது. முன் பத்தியில் டர்னர் இருந்ததால் அது பொருந்தியது. இப்போது நடுவில் மின் தகடு வந்துவிட்டதால், ‘அவர்’ தகடு பொருத்த வருபவரைக் குறிப்பதுபோல் ஆகிறது. ‘என் மனைவியும்’ என்பதில் உள்ள ‘உம்’ இன்னொன்று. அதற்கு முன்னால் வேறு சிலர் பட்டியலில் இருந்தார்கள். முதலில் வருபவருக்கு ‘உம்’ ஒட்டாது. டர்னரை ஐந்தாவது பத்தி வெறுமனே ‘நம்ம அண்ணன்’ என்றது, ஏனெனில் முதல் பத்தியிலேயே பெயர் வந்துவிட்டது. அந்தப் பத்தி போனபின் அவரை இங்கே பெயர் சொல்லி அறிமுகப்படுத்தியாக வேண்டும். ‘அதனால்தான்’, ‘ஆனால்’, ‘முன்பே சொன்னதுபோல’ ஆகியவற்றையும் பென்சிலால் வட்டமிட்டு, ஒவ்வொன்றும் எதைச் சுட்டுகிறது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். திருத்திய உரைகள் மேடையில் தடுமாறுவது பெரும்பாலும் இந்தச் சிறு சொற்களால்தான்.

வரிசை சரியாக அமைந்ததா என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. பட்டறையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவருக்கு உரையை வாசித்துக் காட்டுங்கள். பிறகு என்ன செய்யப்போகிறார்கள், ஏன் என்று கேளுங்கள். “கரண்டு இல்லாம ரொம்பத் தவிச்சாங்களாம், அதான்” என்று பதில் வந்தால் நன்று. திட்டம் மட்டும் நினைவிருந்து காரணம் வரவில்லை என்றால், கதை தவறான இடத்தில் இருக்கிறது, அல்லது தவறான கதையைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்.

இந்த வரிசை எல்லா இடத்துக்கும் ஆகாது. விழா நடக்கும் ஆண்டில் நிறுவனத்தில் யாராவது இறந்திருந்தால் வணக்கத்துக்கு அடுத்ததே அஞ்சலிதான், கதை பிறகு. போனஸ் பாக்கி இருந்து, அதைப் பற்றி எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தால், அதற்கான பதில்தான் முதல் நிமிடத்தில் வர வேண்டும். அது வரும்வரை வளையல் கதையை யாரும் காதில் வாங்க மாட்டார்கள்.

மேடையேறுமுன் ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். உங்கள் உரையிலிருந்து எடுத்த அந்தப் பெயர்ப் பட்டியல் நன்றியுரை சொல்பவர் கைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.