ஞாயிற்றுக்கிழமைக்கும் கூலி உண்டு

தொழிலாளர் சட்டத் தேர்வுக்குப் படிப்பவர்கள் இந்தக் கேள்வியைப் போட்டுப் பார்க்கலாம்.

தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்குத் தினக்கூலி 500 ரூபாய். வாரத்தில் ஆறு நாள் வேலை. ஞாயிறு கூலி இல்லாத விடுமுறை. முதல் பிரசவத்துக்கு 26 வார விடுப்பில் போகிறார். நிர்வாகம் தர வேண்டிய மகப்பேறுத் தொகை எவ்வளவு?

அ) 42,000
ஆ) 78,000
இ) 91,000
ஈ) தினக்கூலி என்பதால் எதுவும் இல்லை

பலர் 'ஆ'வைக் குறிப்பார்கள். ஆறு நாளை 26 ஆல் பெருக்கினால் 156 நாள். அதற்கு 78,000 ரூபாய். வேலை செய்யாத ஞாயிறுக்கு ஏன் கூலி என்பது அவர்கள் நினைப்பு.

கோயம்புத்தூர்ப் பகுதித் தோட்ட நிர்வாகம் ஒன்றும் அப்படித்தான் நினைத்தது. 1967இல் அங்கே வேலை பார்த்த பெண்ணுக்குக் குழந்தை பிறந்தது. அன்றைய சட்டப்படி 12 வார விடுப்பு, அதாவது 84 நாள். நிர்வாகம் 12 ஞாயிறுகளைக் கழித்துவிட்டு 72 நாளுக்குத்தான் பணம் கொடுத்தது. அந்தப் பெண் விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1977இல் தீர்ப்பு வந்தது: வாரம் என்றால் ஞாயிறையும் சேர்த்து ஏழு நாள்தான். பிரசவ காலத்தில் தாயும் பிள்ளையும் ஞாயிறன்றும் சாப்பிட்டாக வேண்டும் அல்லவா?

ஆகவே 26 வாரம் என்றால் 182 நாள். சரியான விடை 'இ', 91,000 ரூபாய். 'அ' என்பது 12 வாரக் கணக்கு. ஏற்கெனவே இரண்டு குழந்தைகள் உயிருடன் இருந்தால்தான் அது பொருந்தும். 'ஈ'யும் தவறு. தினக்கூலிப் பெண்களுக்கும் இந்த உரிமை உண்டென்று டெல்லி மாநகராட்சி வழக்கில் 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும்.

எவ்வளவு என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். 26 வாரத்தில் பிரசவத்துக்கு முன் அதிகபட்சம் எட்டு வாரம் எடுக்கலாம். கர்ப்பச் சான்றைக் கொடுத்தால், அந்த 56 நாளுக்கான 28,000 ரூபாயை நிர்வாகம் முன்கூட்டியே தர வேண்டும். மீதி 63,000 ரூபாயைக் குழந்தை பிறந்ததற்கான சான்று கிடைத்த 48 மணி நேரத்துக்குள் தர வேண்டும். 'வேலைக்குத் திரும்பி வந்ததும் வாங்கிக்கொள்' என்று சொல்லச் சட்டத்தில் இடமில்லை.

கேள்வியில் 'இஎஸ்ஐ' என்ற சொல் வந்தால் மட்டும் நிதானிக்க வேண்டும். இஎஸ்ஐயில் சேர்ந்த பெண்ணுக்குப் பணம் தருவது முதலாளி அல்ல, இஎஸ்ஐ கழகம். அங்கே 80 நாள் நிபந்தனையும் கிடையாது. முந்தைய இரண்டு சந்தா காலங்களில் 70 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

பணம் கைக்கு வந்ததும் தொகையை ஒருநாள் கூலியால் வகுத்துப் பாருங்கள். 182க்குப் பதில் 156 வந்தால், விடுபட்டவை அந்த 26 ஞாயிறுகள்.