முதலில் நாவு, பிறகு பேச்சு: புதிய பானத்தின் சுவையைச் சோதிக்கும் குழு

எண்மர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மேசையில் மூன்று சிறு குவளைகளில் மூன்று சுவைபானங்கள். "எது பிடித்தது?" என்று கேட்டதும் ஒருவர் உரத்த குரலில், "இது மருந்து மாதிரி இருக்கிறது" என்கிறார். அரை மணி நேரத்தில் அந்தப் பானத்தைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல அறையில் ஆளே இல்லை. நிறுவனம் அதைக் கைவிடுகிறது. ஆனால் அந்த எண்மரும் பேச்சு தொடங்கும் முன் தங்கள் கருத்தைத் தனித்தனியே எழுதியிருந்தால், தாளில் வேறு கதை இருந்திருக்கக்கூடும்.

சந்தைத் துறையினர் 'ஃபோக்கஸ் குரூப்' என்று அழைக்கும் இந்தக் குழுவைத் திட்டமிடுவதில் முக்கியமான வேலை இதுதான். நாவு சொல்வதையும் கூட்டம் சொல்வதையும் பிரித்துப் பதிவு செய்ய வேண்டும். ஒன்று மற்றொன்றை அழித்துவிட விடக்கூடாது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். சிங்கப்பூரில் ஒரு சிறு நிறுவனம் போத்தல் பானம் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவர விரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆசாம் பொய் சேர்த்த கலமன்சி, இஞ்சியும் செராயும், ரோஜாவும் லைச்சியும் என மூன்று சுவைகள் கையில் உள்ளன. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் நடப்பிலுள்ள நியூட்ரி-கிரேட் முறைப்படி, 100 மில்லிலிட்டரில் சீனி 5 கிராமைத் தாண்டினால் 'சி' குறியை போத்தலில் அச்சிட்டாக வேண்டும். அதைத் தவிர்க்க மூன்றையும் 5 கிராமில் நிறுத்துகிறார்கள். சோதனைக்கும் இது உதவுகிறது. இனிப்பு வேறுபட்டால், மக்கள் சுவையைத் தேர்ந்தெடுத்தார்களா, சீனியைத் தேர்ந்தெடுத்தார்களா என்பது தெரியாமல் போய்விடும்.

யாரை அழைப்பது?

ஒரு குழுவுக்கு ஆறு முதல் எட்டுப் பேர் போதும். அதற்கு மேல் போனால் பலர் வாய் திறப்பதில்லை. இந்த நிறுவனம் ஆறு ஆறு பேராக மூன்று குழுக்கள் அமைக்கிறது: பதின்ம வயது மாணவர், 22 முதல் 35 வயது வரையிலான அலுவலக ஊழியர், 50 வயதைக் கடந்தவர். எல்லாரையும் ஒரே அறையில் கலந்தால், பெரியவர்கள் பேசிய பிறகு பிள்ளைகள் தலையாட்டுவதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அழைக்கப்படுபவர் கடந்த இரண்டு வாரங்களில் தம் கைக்காசில் போத்தல் பானம் வாங்கியவராக இருக்க வேண்டும். பான நிறுவனத்திலோ விளம்பரத் துறையிலோ வேலை செய்பவரும், இத்தகைய குழுக்களுக்கு அடிக்கடி போய் வருபவரும் வேண்டாம். நிறுவன உரிமையாளரின் உறவினர் வேண்டவே வேண்டாம். ஒவ்வாமை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்பதும், மூலப்பொருள் பட்டியலை முதலிலேயே காட்டுவதும் கட்டாயம்.

சுவைக்கும் நேரம்

பானங்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று பெயரிடக்கூடாது. 'ஒன்று' என்றாலே முதலிடம் என்ற எண்ணம் வந்துவிடும். 417, 852, 639 போன்ற பொருளற்ற எண்களே நல்லது. ஒரே குளிர்பெட்டியிலிருந்து எடுத்து, ஒரே மாதிரிக் குவளையில், ஆளுக்கு 50 மில்லிலிட்டர் ஊற்ற வேண்டும். குளிர்ச்சி குறைந்த பானம் கூடுதலாக இனிக்கும். அப்போது சீனியைச் சமமாக வைத்த வேலை வீணாகும்.

முதலில் சுவைத்தது அடுத்ததைப் பாதிக்கும். இஞ்சியின் காரம் நாவில் இருக்கும்போது ரோஜா வெறும் தண்ணீராகத் தோன்றும். மூன்று பானங்களை ஆறு வரிசைகளில் அடுக்க முடியும். குழுவில் ஆறு பேர் என்பதால் ஆளுக்கு ஒரு வரிசை கொடுத்தால் எந்தப் பானத்துக்கும் சலுகை இராது. இடையில் வெறும் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட், இரண்டு நிமிட ஓய்வு.

ஒவ்வொருவரும் பேசாமல் தாளில் எழுதுகிறார்கள்: முதலில் நாவில் பட்டது என்ன, விழுங்கிய பிறகு நின்றது என்ன, மூன்றில் எதற்கு முதலிடம். தாள்களைச் சேகரித்த பிறகே பேச்சு தொடங்க வேண்டும்.

பேச்சை நடத்துபவர் பானத்தை உருவாக்கியவராக இருக்கக்கூடாது. தன் பிள்ளையைக் குறை சொல்வதைக் கேட்கும் தாயின் முகம் போல அவர் முகம் மாறும். அதைப் பார்த்து மற்றவர்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள். "நன்றாக இருக்கிறதா?" என்பதும் உதவாத கேள்வி. "இதை எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது குடிப்பீர்கள்?" என்று கேட்டால் விஷயம் வெளிவரும்.

தாளும் பேச்சும் முரண்பட்டால்?

அலுவலக ஊழியர் குழுவில் ஆறில் நால்வர் இஞ்சி-செராய்க்கு முதலிடம் எழுதியிருக்கிறார்கள் என்று கொள்வோம். பேச்சிலோ "கசாயம்" என்ற ஒரு சொல் விழுந்ததும் ஒருவர் மட்டுமே அதற்காக வாதாடுகிறார். தாள்தான் உண்மை, பேச்சு வெறும் சாயல் என்று ஒதுக்கிவிடலாமா?

கூடாது. கொக்கக்கோலா நிறுவனம் 1985இல் பெற்ற பாடம் அது. ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லி, அதிகம் பேர் விரும்பிய இனிப்பு கூடிய புதிய கலவையை ஏப்ரல் 23இல் அறிமுகப்படுத்தியது. பழைய கலவை நிறுத்தப்படும் என்பது சுவைத்தவர்களுக்குச் சொல்லப்படவில்லை. குழுப் பேச்சுகளில், மாற்றத்தை வெறுத்த சிலர் மற்றவர்களையும் தம் பக்கம் இழுத்தது தெரிந்திருந்தது. ஆனால் தனித்தனிச் சோதனையின் எண்களே வென்றன. கடைசியில் நாடு முழுவதும் நடந்தது, அந்த அறைகளில் நடந்ததுதான். 79 நாள்களில் பழைய கலவை திரும்பி வந்தது.

ஆக, தாள் நாவைப் பற்றிச் சொல்கிறது. பேச்சு, நாலு பேர் முன்னிலையில் அந்த போத்தலைக் கையில் பிடிக்க மனம் வருமா என்பதைச் சொல்கிறது. எடுத்துக்காட்டு நிறுவனத்தின் மூன்றாவது குழுவில் 50 வயதைக் கடந்தவர்களும் "கசாயம்" என்றே சொல்லி, அதைப் பாராட்டாகச் சொன்னால் விடை தெளிவாகிறது. குறை பானத்தில் இல்லை, இஞ்சி என்ற பெயரில் இருக்கிறது. இளையருக்கான போத்தலில் செராயை முன்னிறுத்தி, புதிய குழுவிடம் மறுபடி சோதிக்கலாம்.

ஒரு வாய் வேறு, ஒரு போத்தல் வேறு

ஒரே மிடறில் இனிப்பும் வாசனையும் எளிதில் வெல்லும். முழு போத்தல் குடிக்கும்போது அவையே திகட்டும். ரோஜா-லைச்சிக்குக் குவளையில் கிடைத்த வரவேற்பை அப்படியே நம்ப முடியாது. ஒவ்வொரு சுவையிலும் இரண்டு முழு போத்தல்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி, ஒரு வாரம் கழித்து எது காலியானது, எது பாதியில் நின்றது என்று கேட்க வேண்டும். வாய் உபசாரத்துக்குப் பொய் சொல்லலாம். பாதி குடித்த போத்தல் பொய் சொல்வது கடினம்.

இத்தனைக்குப் பிறகும் ஓர் எல்லை உண்டு. பதினெட்டுப் பேரில் பத்துப் பேருக்குப் பிடித்தது என்பதை "56 விழுக்காட்டினர் வாங்குவார்கள்" என்று அறிக்கையில் எழுதினால் அது பிழை. எத்தனை பேர் என்ற கேள்விக்கு நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் தனிச் சோதனை வேண்டும். ஏன் பிடித்தது, என்ன சொல்லால் அதை அழைக்கிறார்கள், எந்தச் சுவையைப் பெரிய சோதனைக்கு எடுத்துச் செல்வது வீண்செலவு என்பதை மட்டுமே இந்தக் குழு சொல்லும். ஆயிரக்கணக்கான போத்தல்களை நிரப்பும் முன் சிறு நிறுவனத்துக்குத் தெரிய வேண்டியதும் அதுதான்.