மூளைக்கு முந்தும் முழங்கால்

காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பவரின் முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழே மருத்துவர் ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டுகிறார். கால் சட்டென்று முன்னே எகிறுகிறது. ஜெர்மானிய மருத்துவர்கள் எர்ப், வெஸ்ட்ஃபால் இருவரும் 1875இல் தனித்தனியே பதிவுசெய்த சோதனை இது.

அடி விழுவது தசைநாணில். அது உள்ளே அமுங்க, முன்தொடைத் தசை திடீரென இழுபடுகிறது. அந்தத் தசைக்குள் தசைக்கதிர்கள் என்ற நுண்ணிய உணரிகள் பொதிந்திருக்கின்றன. தசை எவ்வளவு நீள்கிறது, எத்தனை வேகமாக நீள்கிறது என்பதை அவை அளக்கின்றன. வேகமான இழுப்பென்றால் உடனே தண்டுவடத்துக்குச் செய்தி பறக்கும். அங்கே அந்த உணர்வு நரம்பு, தசையை இயக்கும் நரம்பணுவை நேரடியாகத் தொடுகிறது. நடுவில் வேறு நரம்பணு கிடையாது. அதனால் சுமார் 20 மில்லி விநாடியிலேயே தசை சுருங்கத் தொடங்கிவிடுகிறது. மூளைக்கு விஷயம் தெரிவது அதற்குப் பிறகுதான்! கூடவே, பின்தொடைத் தசைக்குத் தளரும்படி கட்டளை போகிறது.

படியில் கால் தவறி முழங்கால் மடங்கும்போதும் இதே ஏற்பாடுதான் முன்தொடைத் தசை அளவுமீறி நீளாமல் இழுத்துப் பிடிக்க முனைகிறது.

நீண்டகால நீரிழிவில் நரம்பு பழுதானால் இந்த எகிறல் மங்கலாம். பக்கவாதத்துக்குப் பின் மூளையின் கட்டுப்பாடு தளர்வதால், நாளடைவில் மிகையாகலாம். ஆனால் நலமாக இருக்கும் சிலருக்கும் கால் அசைவதில்லை. அவர்களிடம் இரு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டு மருத்துவர் மறுபடி தட்டுவார். பெரும்பாலும் கால் எகிறிவிடும்.